லிங்க் கையில் இருந்தா போதுமா? அக்கவுண்ட் இல்லாதவருக்கு ஃபைல் அனுப்புறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் நம்ம இன்பாக்ஸுக்கு வந்த ஒரு கேள்வியை வச்சே முழு எபிசோடையும் ஓட்டலாம்னு இருக்கேன். தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல டாக்குமெண்டேஷன் பார்க்கிற நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வி. சுருக்கமா இதுதான்: "எங்க எக்ஸ்போர்ட்டரோட பையர் ஜெர்மனியில இருக்காங்க. அவங்க கம்பெனியில யாருக்கும் கூகுள் அக்கவுண்ட் கிடையாது. ஸ்டஃபிங் போட்டோ, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல் டிராஃப்ட் எல்லாத்தையும் டிரைவ்ல இருந்துதான் அனுப்பணும். 'Anyone with the link' போட்டு அனுப்பிடுன்னு சீனியர் சொல்றார். பண்ணலாமா?"

ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட முடியாது. ஏன்னா அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு பேப்பருக்கும் பதில் வேற. அந்த வித்தியாசத்தைப் புரிஞ்சிக்க தூத்துக்குடிக்காரங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. அவங்க தினமும் கையில பிடிக்கிற ஒரு காகிதத்துலயே இந்த விஷயம் முழுசா இருக்கு. அதுதான் பில் ஆஃப் லேடிங், சுருக்கமா பிஎல்.

பேர் எழுதின பிஎல், பேர் எழுதாத பிஎல்

துறைமுகப் பக்கம் போகாதவங்களுக்காக ஒரு நிமிஷம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துல ஒரு கன்டெய்னர் கப்பல் ஏறினதும், சரக்கை வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியா கப்பல் கம்பெனி கொடுக்கிற ஆவணம்தான் பிஎல். வழக்கமா மூணு ஒரிஜினல் போடுவாங்க. அந்தப் பக்கத் துறைமுகத்துல அதுல ஒண்ணைக் காட்டினா சரக்கு கிடைக்கும். அதோட மத்த ரெண்டும் செல்லாக்காசு.

இதுல ரெண்டு வகையை மட்டும் பார்ப்போம். ஒண்ணு, சரக்கை எடுக்கப் போறவங்க பேரையே அதுல எழுதிடுறது. ஸ்ட்ரெய்ட் பிஎல்னு சொல்வாங்க. பேர் போட்டிருக்கிற கம்பெனிக்கு மட்டும்தான் சரக்கு. இன்னொண்ணு ஆர்டர் பிஎல். பேர் இருக்க வேண்டிய இடத்துல 'To Order'னு இருக்கும். பின்பக்கம் யார் பேரும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுட்டா, அதுக்கப்புறம் அந்தக் காகிதம் யார் கையில இருக்கோ அவங்கதான் சரக்கைக் கேட்கலாம். நீங்க யாருன்னு அந்தக் காகிதம் கேட்காது.

ஃபைல் ஷேரிங்கும் இதே கதைதான். டிரைவ்ல ஒருத்தரோட மெயில் ஐடியைப் போட்டு, அவர் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி பார்க்கிற மாதிரி கொடுத்தா, அது பேர் எழுதின பிஎல். 'Anyone with the link' கொடுத்தா, அது பேர் எழுதாம கையெழுத்துப் போட்ட பிஎல். லிங்க் யார் கிட்ட இருக்கோ அவங்களுக்குக் கதவு திறக்கும்.

காகிதத்துக்கும் லிங்க்குக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கு. காகிதத்தை நான் உங்ககிட்ட கொடுத்துட்டா என் கையில இருக்காது. லிங்க் அப்படியில்ல. நான் கொடுத்த பிறகும் என்கிட்ட இருக்கு, உங்ககிட்ட இருக்கு, நீங்க ஃபார்வர்ட் பண்ணின நாலு பேர்கிட்டயும் இருக்கு. மூணு ஒரிஜினல்னு கணக்கு வச்ச தொழில்ல, கணக்கே இல்லாத ஒரிஜினல் சுத்துற மாதிரி.

லிங்க்கை யாராவது ஊகிச்சிட முடியுமா?

நிறைய பேர் முதல்ல பயப்படுறது இதுக்குத்தான். கூகுள் டிரைவ் லிங்க்கைப் பார்த்தீங்கன்னா நடுவுல அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் நீளமா இருக்கும். அதுதான் அந்த ஃபைலோட அடையாளம். அவ்வளவு நீளமா, ஒழுங்கே இல்லாம இருக்கிறதை ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது நடக்காத காரியம். இந்தப் பக்கம் கவலை வேண்டாம்.

ஆனா அந்த நீளத்தைச் சுருக்கினா கதை மாறிடும். 2016-ல் மார்ட்டின் ஜார்ஜியேவ், அமெரிக்காவின் கார்னெல் டெக்கைச் சேர்ந்த விட்டலி ஷ்மாட்டிகோவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. மைக்ரோசாப்ட் ஒன்டிரைவ் அப்போ சுருக்கின லிங்க் கொடுக்கிற வசதி வச்சிருந்தது. சுருக்கின பிறகு மிஞ்சுறது வெறும் 6 எழுத்து. ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண் எல்லாம் சேர்த்து 62 குறி. அதை வச்சு 6 இடத்தை நிரப்பினா சுமார் 5,680 கோடி சேர்க்கை வரும். கேட்க பெருசா இருக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலை இல்லை. அவங்க கண்ணை மூடிக்கிட்டு எழுத்துகளைப் போட்டுப் பார்த்தாங்க. முன்பின் தெரியாதவங்களோட ஃபைல்கள் வரிசையா வந்தது. அப்படிக் கிடைச்ச ஒரு லிங்க்கை வச்சு அதே ஆள் ஷேர் பண்ணின மத்த ஃபைல்களுக்கும் போக முடிஞ்சது.

அதைவிட மோசமான விஷயம், அவங்க கண்ணுல பட்ட ஒன்டிரைவ் அக்கவுண்ட்களில் சுமார் 7 சதவீதத்துல யார் வேணும்னாலும் ஃபைலைப் போடவோ மாத்தவோ முடியுற ஃபோல்டர் இருந்தது. ஒன்டிரைவ் தானாவே உங்க கம்ப்யூட்டரோட சிங்க் ஆகும். அதாவது வெளியாள் போட்ட வைரஸ் ஃபைல் நேரா உங்க மெஷின்ல வந்து இறங்கும். ஒன்டிரைவ்ல இருந்த அந்தச் சுருக்கும் வசதியை மைக்ரோசாப்ட் பிறகு எடுத்துட்டாங்க. நமக்கான பாடம் எளிமை: டிரைவ் லிங்க் நீளமா அசிங்கமா இருக்கேன்னு சுருக்கிக் கொடுக்கிற சைட்ல போட்டு அனுப்பாதீங்க. அந்த நீளம்தான் அதோட பூட்டு.

ஊகிக்க வேண்டாம், தானே கசியும்

நிஜத்துல லிங்க் வெளியில போறது மனுஷங்க சாதாரணமா பண்ற வேலைகளால. 2014 மே மாசம் டிராப்பாக்ஸ்ல நடந்ததைப் பாருங்க. ஒரு டாக்குமெண்டை லிங்க் மூலமா திறந்து, அந்த டாக்குமெண்டுக்குள்ள இருக்கிற வேற ஒரு வெப்சைட் லிங்க்கை க்ளிக் பண்ணினா, 'இந்த ஆள் எங்கே இருந்து வந்தார்'ங்கிற விவரத்தை பிரவுசர் அந்த வெப்சைட்டுக்குச் சொல்லும். எங்கே இருந்து வந்தார்? அந்த ரகசிய டிராப்பாக்ஸ் முகவரியில இருந்து. ஆக ரகசிய லிங்க் சம்பந்தமே இல்லாத ஒரு வெப்சைட்டோட பதிவேட்டுல போய் உட்கார்ந்துடும்.

அதைக் கண்டுபிடிச்ச இன்ட்ராலிங்க்ஸ் கம்பெனி இன்னொரு கசிவையும் பார்த்தது. தனக்கு வந்த டிராப்பாக்ஸ் லிங்க்கை நிறைய பேர் முகவரிப் பட்டையில போடாம, கூகுள் தேடல் பெட்டியில ஒட்டிடுறாங்க. கூகுள்ல விளம்பரம் கொடுக்கிறவங்களுக்கு எந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்ததுன்னு ஒரு பட்டியல் போகும். அந்தப் பட்டியல்ல முழு லிங்க்கும் இருந்தது. திறந்து பார்த்தா வருமான வரிக் கணக்கு, வீட்டுக் கடன் பேப்பர். டிராப்பாக்ஸ் பாதிக்கப்பட்ட பழைய லிங்க்குகளை முடக்கிட்டு, புதுசா உருவாக்குற லிங்க்குகள்ல அந்த முதல் ஓட்டையை அடைச்சாங்க. இப்போ பிரவுசர்களும் அப்படி முழு முகவரியை வெளியில சொல்றதில்லை. ஆனா லிங்க்கைத் தப்பான பெட்டியில ஒட்டுற விரலுக்கு எந்த அப்டேட்டும் வரல. அதே மாதிரி ஃபார்வர்ட், வாட்ஸ்அப் குரூப், ஆபீஸ் பொது கம்ப்யூட்டரோட ஹிஸ்டரி. எல்லாமே கசிவுதான்.

பேர் இல்லைன்னா எதை இழக்கிறோம்?

அக்கவுண்ட் கேட்காததால எதிர்ல இருக்கிறவருக்கு எவ்வளவு சுலபமோ, அந்த அளவுக்கு நம்ம பக்கம் மூணு விஷயம் போகுது.

முதல்ல, யார் பார்த்தாங்கன்னு தெரியாது. கூகுள் டாக்ஸ்ல லாகின் இல்லாம வந்தவங்களுக்கு 'Anonymous Capybara' மாதிரி ஒரு மிருகப் பேர் வரும். பார்க்க ஜாலியா இருக்கும். ஆனா உங்க இன்வாய்ஸை இப்போ ஒரு கேப்பிபாரா படிச்சிட்டு இருக்குன்னா, அது பையரோட அக்கவுண்ட்ஸ் ஆளா, போட்டிக் கம்பெனியான்னு உங்களால சொல்ல முடியாது.

ரெண்டாவது, ஒருத்தரை மட்டும் நிறுத்த முடியாது. பத்து பேர்கிட்ட இருக்கிற அதே லிங்க்கை மூடினா பத்து பேருக்கும் மூடிடும். டிரைவ்ல இதுக்குள்ள இன்னொரு சிக்கல் இருக்கு. 'Restricted'னு மாத்தி மூடிட்டு, அடுத்த வாரம் வேற யாருக்கோ வேணும்னு திரும்ப 'Anyone with the link' போட்டா வர்றது புது லிங்க் இல்லை. ஃபைலோட அடையாளம் மாறாததால பழைய லிங்க்கே உயிரோட எழுந்திடும். அதை வச்சிருந்த பழைய ஆட்களுக்கும் சேர்த்துத்தான். புது லிங்க் வேணும்னா ஃபைலை காப்பி எடுத்து, அந்தக் காப்பியை ஷேர் பண்ணணும்.

மூணாவது, யார் மாத்தினாங்கன்னு தெரியாது. இங்கேதான் பணம் போகும். லிங்க்கோட 'Editor' உரிமையும் கொடுத்திருந்தா, லிங்க் கிடைச்ச எவரும் பேர் இல்லாமலே உள்ள எழுதலாம். இன்வாய்ஸ்ல எக்ஸ்போர்ட்டரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர் இருக்கும். அதுல நாலு எண் மாறினா பையர் நல்ல மனசோட வேற ஒருத்தருக்குப் பணம் அனுப்பிடுவார். வெர்ஷன் ஹிஸ்டரியில போய்ப் பார்த்தா மாத்தம் நடந்த நேரம் தெரியும். ஆளோட பேர் இருக்காது.

நடுவுல ஒரு வழி: மெயிலுக்கு வர்ற பின்

அக்கவுண்ட் இல்லாதவருக்குப் பேர் எழுதின பிஎல் கொடுக்க முடியாதான்னா, கிட்டத்தட்ட முடியும். ஆபீஸ்ல கூகுள் வொர்க்ஸ்பேஸ் இருந்து, அட்மின் அனுமதிச்சிருந்தா, 'Restricted'லயே விட்டுட்டு ஷேர் பெட்டியில பையரோட கம்பெனி மெயில் ஐடியைப் போடலாம். அவருக்கு ஒரு மெயில் போகும். அதுல இருக்கிற லிங்க்கைத் திறந்ததும், அதே மெயிலுக்கு ஒரு பின் நம்பர் வரும். அதைப் போட்டா உள்ள வரலாம். 7 நாள் வரைக்கும் செல்லும், அப்புறம் மறுபடி பின். மைக்ரோசாப்ட் பக்கமும் மெயிலுக்குக் கோடு அனுப்புற இதே மாதிரி முறை உண்டு.

இதுல லிங்க் கசிஞ்சாலும் பயமில்லை. அதை வச்சிருக்கிறவர் அந்த மெயில் பாக்ஸையும் திறக்க முடிஞ்சாதான் ஃபைல் தெரியும். ஆனா இதுக்கும் விலை இருக்கு. பையர் அந்த மெயிலைத் தன் வேர்ஹவுஸ் ஆளுக்கு ஃபார்வர்ட் பண்ணினா அவரால திறக்க முடியாது. ராத்திரி உங்களுக்கு போன் வரும். பின் மெயில் ஸ்பாம்ல போய் ஒளிஞ்சிக்கும். பையர் கொடுத்தது ஒரு ஆபீஸே பார்க்கிற பொது மெயில் ஐடின்னா, திறந்தது அந்த மெயில்னு மட்டும்தான் தெரியும்; உள்ள இருக்கிற எட்டு பேர்ல யாருன்னு தெரியாது.

சரி, இந்த ஷிப்மெண்டை எப்படி அனுப்பலாம்?

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 20 அடி கன்டெய்னர் ஒண்ணு. தூத்துக்குடியில ஏறி, கொழும்புல பெரிய கப்பலுக்கு மாறி, ஹாம்பர்க் போகுது. நேயர் சொன்ன நாலு ஐட்டத்தையும் ஒவ்வொண்ணா பார்ப்போம். ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்விதான்: இது தெரியாதவர் கையில கிடைச்சா என்ன ஆகும்?

ஸ்டஃபிங் போட்டோ. 50 படமும் ஒரு வீடியோவும் இருந்தா ஜிமெயிலோட 25 எம்பி அட்டாச்மெண்டுக்குள்ள அடங்காது. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா அளவு சுருங்கி சீல் நம்பர் மங்கிடும். சர்வேயர், டிரான்ஸ்போர்ட்டர், பையர்னு பல பேர் அவசரமா பார்க்கணும். வெளியாள் பார்த்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இங்கே 'Anyone with the link', 'Viewer' மட்டும். சீனியர் சொன்னது இதுக்குச் சரி.

பிஎல் டிராஃப்ட். இதுல பையர் திருத்தம் சொல்லணும். அதுக்காக 'Editor' கொடுக்கத் தேவையில்லை. பின் வழியா, 'Commenter' உரிமையோட கொடுங்க. 'கன்சைனீ முகவரி தப்பு'ன்னு அவர் ஓரத்துல எழுதட்டும். மாத்துற கை உங்களோடதா மட்டும் இருக்கட்டும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். விலையும் பேங்க் விவரமும் இருக்கு. பிடிஎஃப் ஆக்கி, பேர் சொல்லி, பின் வழியா, 'Viewer' மட்டும். வொர்க்ஸ்பேஸ் இல்லாத சின்ன ஆபீஸ்னா பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் போட்டு அனுப்பிட்டு, பாஸ்வேர்டை போன்ல சொல்லுங்க. அதே மெயில்ல கீழே பாஸ்வேர்ட் எழுதினா, பூட்டுலயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப்ல ஒரு குறை, போன பிறகு திரும்ப எடுக்க முடியாது. எந்த வழியில போனாலும், 'பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கு'ன்னு எழுத்துல வந்தா, ஏற்கெனவே தெரிஞ்ச நம்பருக்கு போன் பண்ணிக் கேட்காம பணம் அனுப்ப வேண்டாம்னு பையர்கிட்ட முதல் ஷிப்மெண்ட்லயே பேசி வச்சிடுங்க.

கையெழுத்தான ஒரிஜினல் பிஎல்லோட ஸ்கேனை மட்டும் பொது லிங்க்ல போடவே வேண்டாம். சரக்கை எடுக்கிற காகிதத்தோட அச்சு, கையெழுத்து, நம்பர் எல்லாம் சேர்ந்த தெளிவான மாதிரியை, போலி அடிக்கிறவனுக்கு நாமே கொடுக்கக் கூடாது.

அடுத்து ஃபோல்டர் விஷயம். டிரைவ்ல ஃபோல்டரை ஷேர் பண்ணினா, இப்போ உள்ள இருக்கிறது மட்டும் இல்லை, நாளைக்கு நீங்க அதுல போடுறதும் சேர்ந்து ஷேர் ஆகும். போட்டோவுக்காகத் திறந்துவிட்ட பையர் ஃபோல்டர்ல ரெண்டு மாசம் கழிச்சு யாரோ வேற பையரோட இன்வாய்ஸை இழுத்துப் போட்டா, அதுவும் தானா திறந்திடும். யாருக்கும் எந்த எச்சரிக்கையும் போகாது. அதனால ஒரு ஷிப்மெண்டுக்கு ஒரு போட்டோ ஃபோல்டர், அதுல போட்டோ மட்டும். சரக்கு டெலிவரி ஆனதும் மூடிடணும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி இடங்கள்ல காசு கட்டுற சில திட்டங்களில் லிங்க்குக்குக் காலாவதி தேதி கொடுக்கலாம். அது இல்லைன்னா காலண்டர்ல ஒரு நாள் குறிச்சு வைங்க.

உங்க லிங்க் எந்த வகைன்னு சந்தேகமா இருந்தா, பிரவுசர்ல இன்காக்னிட்டோ விண்டோ திறந்து அதுல ஒட்டிப் பாருங்க. லாகின் கேட்காம திறந்தா, உங்க கையில இருக்கிறது பேர் எழுதாத பிஎல்.

அனுப்புறவருக்கும் அக்கவுண்ட் இல்லாத சைட்டுகள்

இதைக் கேட்டதும் சிலர், ரெண்டு பக்கமும் அக்கவுண்டே வேண்டாத சைட்டுல போட்டுடலாமேன்னு நினைக்கலாம். அங்கே ஆபத்து வேற மாதிரி. 2020 மே மாசம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வீட்ரான்ஸ்ஃபர் சைட்டை இங்கே தடை பண்ண உத்தரவு போட்டது. அதை நம்பி வேலை பார்த்தவங்களோட லிங்க்குகள் ராவோடு ராவா திறக்காம போச்சு. மொசில்லா நடத்தின ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் நல்லாவே இருந்தது. ஆனா பேர் சொல்லாம ஃபைல் ஏத்தலாம்ங்கிறது வைரஸ் அனுப்புறவங்களுக்கும் வசதியா போனதால 2020-லயே மூடிட்டாங்க. கப்பல் கொழும்பு தாண்டின பிறகு லிங்க் செத்துப்போனா, ஹாம்பர்க்ல நிக்கிற ஆளுக்குப் பதில் சொல்றது நீங்கதான்.

ஆக நேயருக்குப் பதில் இது: போட்டோவுக்கு சீனியர் சொன்ன வழி, பணமும் கையெழுத்தும் இருக்கிற பேப்பருக்கு பேர் சொல்லி பின் வழி. அவர் இதை சீனியர்கிட்ட விளக்கணும்னா கம்ப்யூட்டர் வார்த்தையே தேவைப்படாது. "சார், இந்த இன்வாய்ஸை டு ஆர்டர்ல அனுப்பவா, பேர் போட்டு அனுப்பவா?"ன்னு கேட்டா போதும், அவருக்குப் புரிஞ்சிடும்.

உங்க ஆபீஸ்ல இது மாதிரி ஏதாவது குழப்பம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.